வலிக்குதா என்று கேட்காத நாட்கள்

என் மகளின் முதல் ரிப்போர்ட்டை அச்சடித்தது நான்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய லேபில் பதினான்கு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களிடம் கவரைக் கொடுத்து, "எல்லாம் நார்மல்தாங்க, தைரியமா போங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்று என் மகளின் பெயர் போட்ட தாளில் ஒவ்வொரு வரியும் நார்மல் என்றே வந்தது. தாள் இன்னும் சூடாக இருந்தது. நான் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். எனக்குத் தைரியம் வரவில்லை. இதில் தெரியவில்லை என்றால் வேறு எதிலோ ஒளிந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்தாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் வயிற்றுப்போக்கும் ஜுரமும் வந்து மூன்று நாள் படுத்தாள். அது சரியாகிவிட்டது. ஆனால் வயிற்றுவலி மட்டும் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், பிறகு ஏறக்குறைய தினமும். தொப்புளைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்காருவாள். முகம் வெளுத்துவிடும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம். பிறகு எழுந்து தண்ணீர் குடிப்பாள். காலையில் யூனிஃபார்ம் போடும்போது வரும். பள்ளியில் இரண்டாவது பீரியடில் வரும். ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்க்கும்போதும் சில சமயம் வந்தது. அதனால்தான் பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்தது.

கோபத்துக்கு அடியில் இருந்தது என் அக்கா.

குமராட்சிப் பக்கம் எங்கள் ஊர். அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதிமூன்று. வயிறு வலிக்கிறது என்றாள். வயசுக்கு வரப்போகிற பெண், அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மினிபஸ்ஸில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனபோது அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வரவில்லை. வயிற்றுவலி என்ற வார்த்தையை நான் அந்த நாளிலிருந்து மற்றவர்கள் கேட்கிற மாதிரி கேட்டதில்லை.

இதை என் மகளிடம் சொன்னதில்லை. அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள் என்பதே தெரியாது.

கடலூரில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். ரத்தம், யூரின், மோஷன் எல்லாம் பார்த்தாயிற்று. பூச்சி மருந்து கொடுத்தார்கள். அசிடிட்டிக்கு ஒரு சிரப், வலிக்கு ஒரு சிரப். முதல் டாக்டர், "ஒண்ணுமில்லம்மா" என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என் மகள் கேட்டாள்: "அப்ப எனக்கு ஏம்மா வலிக்குது?"

இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எழுதினார். எழுதும்போதே, "உங்க திருப்திக்காக" என்றார். அந்த ரிப்போர்ட்டில் கடைசி வரிக்கு முந்தின வரியில், குடலை ஒட்டிச் சில சிறிய நெறிக்கட்டிகள் தெரிகின்றன என்று எழுதியிருந்தது. எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. டாக்டர், "இது சாதாரணம், விட்டுடுங்க" என்றார். எனக்கு விடத் தெரியவில்லை. அன்று லேபில் மதிய சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். குடல் காசநோய் என்று வந்தது. அதற்குக் கீழே புற்றுநோய் என்று வந்தது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறக்கவில்லை.

என் கணவருக்கு வேறு பயம். அவர் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் ஆபரேட்டர். வேலை முடிந்து வந்தால் பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அந்த மாதங்களில் அவர் வாசலிலேயே, "கிட்ட வராத பாப்பா, குளிச்சிட்டு வரேன்" என்று கையைக் காட்டி நிறுத்த ஆரம்பித்தார். சட்டையைத் தனி பக்கெட்டில் ஊறப் போட்டார். கேன் தண்ணீருக்கு மாறினோம். அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "நம்ம கிட்டேருந்து ஏதாவது போயிருக்குமா?" என்று கேட்டார். நானும் அதையே நினைத்திருந்தேன்.

என் நாத்தனார் திருவதிகையில் இருக்கிறார். "தொக்கம் இருக்கும், எடுத்தா சரியாப் போயிடும், நம்ம பக்கத்துத் தெருவுலயே ஆளு இருக்காரு" என்றார். வயிற்றில் சிக்கிய சாப்பாட்டை வெளியே எடுத்துவிடுவதாகச் சொல்லும் ஆள். லேபில் வேலை பார்க்கிற நான் அதற்கும் போனேன். அந்த ஆள் அவள் வயிற்றைத் தடவி, வாயை வைத்து உறிஞ்சி, ஏதோ பழுப்பாக உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். "இதான் உள்ள இருந்துச்சு" என்றார். என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் வலி இல்லை. பத்தாம் நாள் காலையில் சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்தாள். "அம்மா, இன்னும் உள்ள இருக்குதாம்மா?" என்றாள். அந்தக் கேள்வியை நான்தான் அவள் தலைக்குள் வைத்தேன்.

பள்ளியிலிருந்து போன் வருவது வழக்கமாகிவிட்டது. பதினோரு மணிக்கு வரும். "பாப்பாவுக்கு வலிக்குதுங்க, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார் வகுப்பு ஆசிரியை. லேபில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஓடுவேன். வாட்ச்மேன் அறை பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, "இப்ப வலிக்குதா? குறைஞ்சுதா? எங்க வலிக்குது, இங்கியா?" என்று வலது பக்கம் கீழே அழுத்திப் பார்ப்பேன். அக்காவுக்கு அங்கேதான் வலித்தது. ஒரு மணி நேரத்தில் இருபது முறையாவது கேட்டிருப்பேன். சாயங்காலம் அவள் எழுந்து விளையாடப் போனால், வாசலில் நின்று மறுபடி கேட்பேன். ஜூலையில் ஆறு நாள் லீவு. ஆகஸ்டில் ஒன்பது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வில் இரண்டு பரீட்சை எழுதவில்லை.

ஆசிரியை மேல் எனக்கு வருத்தம் இருந்தது. உடனே போன் செய்துவிடுகிறாரே என்று. ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் குரல் தாழ்த்தி, "நாப்பத்திரண்டு புள்ளைங்க இருக்காங்கம்மா. இவ முகம் அப்படியே வெளுத்துப் போவுது. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? எனக்கும் பயமா இருக்குதுல்ல" என்றார். நாங்கள் எல்லோருமே அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மாதம்தான் நான் சொல்லக் கூசுகிற காரியத்தைச் செய்தேன். டாக்டர் எழுதாமலேயே அவளிடம் ரத்தம் எடுத்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. சாயங்காலம் லேபில் கூட்டம் குறைந்த பிறகு அவளைக் கூட்டிவந்து எடுப்பேன். உள்ளே அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., பிறகு கல்லீரலுக்கு, கணையத்துக்கு. எல்லாம் நார்மல். ஒருமுறை ஒரு அணுவின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. சளி பிடித்திருந்தால்கூட ஏறும் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் மறு வாரம் மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற பட்டையை நான் எடுத்ததும், சொல்லாமலேயே அவள் சட்டைக் கையை மேலே தள்ளி, கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துக்கோம்மா" என்றாள். "இதுலயாவது தெரியுமா?"

முழங்கை மடிப்பில் போன வாரம் குத்திய இடம் இன்னும் பச்சையாக இருந்தது. நான் பட்டையை மேஜையில் வைத்துவிட்டேன். அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டேன்.

என் கணவர் அன்றே சொன்னார்: "சிதம்பரத்துல ஒரு குழந்த டாக்டர் இருக்காராம். கம்பெனில ஒருத்தர் சொன்னாரு. நிதானமா பாப்பாராம். போய்ட்டு வந்துடுவோம்."

சிதம்பரம். அக்காவைக் கொண்டுபோன ஊர். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். வயிற்றுவலி உள்ள பிள்ளையோடு போனதில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நான், இந்தப் பக்கம் அவர். செம்மங்குப்பம் தாண்டும்போது கம்பெனிகளின் கெமிக்கல் வாடை வந்தது. அவர் எட்டி ஜன்னலை இழுத்து மூடினார். ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். இந்த முறை நோயின் பெயரைச் சொல்லிவிடுவார், ஏதோ ஒரு பெயர், அதைக் கேட்டுவிட்டு இதே பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கிளினிக் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் நீட்டிய ஃபைலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "அப்புறம் பாக்குறேன்மா" என்று சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. எங்க வலிக்குது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாவப் பாக்காத. வயிறு உன்னுதுதான?"

அவள் உள்ளங்கையைத் தொப்புளின் மேல் வைத்து ஒரு வட்டம் போட்டாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கத்திலிருந்து வலி எழுப்புமா? இல்லை. வாந்தி? இல்லை. மோஷனில் ரத்தம்? இல்லை. யூரின் போகும்போது எரியுமா? இல்லை. வாய்ப்புண், மூட்டுவலி, விட்டுவிட்டு ஜுரம்? இல்லை. சாப்பாடு விழுங்கக் கஷ்டமா? இல்லை. எடையும் உயரமும் பார்த்து, பழைய தடுப்பூசி அட்டையில் இருந்த அளவுகளோடு சேர்த்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தார். படுக்க வைத்து வயிறு முழுக்க அழுத்திப் பார்த்தார். நகம், நாக்கு, கண் எல்லாம் பார்த்தார். ஸ்கூலில் பாத்ரூம் போவாயா என்று கேட்டார். அவள் சட்டை நுனியைத் திருகினாள்.

"கதவுல தாப்பா இல்ல. யாராவது வெளிய நின்னு புடிச்சுக்கணும்" என்றாள் பிறகு. "போன வருஷம் என் ஃப்ரெண்டு புடிச்சுப்பா. அவ இப்ப பாண்டிச்சேரிக்குப் போயிட்டா."

"அப்ப தண்ணி?"

"குடிக்க மாட்டேன்."

காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை. எனக்கு இது தெரியாது. அவள் ரத்தத்தில் உள்ள ஒவ்வொரு அணுவின் எண்ணிக்கையும் எனக்குத் தெரியும்.

பிறகுதான் அவர் ஃபைலை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பாதியில் நிறுத்தி, "இதெல்லாம் யாரு எழுதினது?" என்றார். நான் சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதைக்கூட மறந்து. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க அக்காவுக்கு வந்தது மூணு நாள்ல ஏறிக்கிட்டே போன வலிம்மா. ஜுரம் இருந்திருக்கும். வாந்தி இருந்திருக்கும். வலது பக்கம் கீழ நின்னுருக்கும். நடக்கவே முடிஞ்சிருக்காது. சரியா?"

தலையாட்டினேன்.

"இவளுக்கு நாலு மாசமா வந்து வந்து போவுது. நடுவுல ஓடி வெளையாடுறா. எடை ஏறியிருக்கு, உயரம் ஏறியிருக்கு. உள்ள பெரிய நோய் ஒண்ணு இருந்தா ஒடம்பு இப்படி வளர விடாது. நெறிக்கட்டி எழுதியிருக்கே, அது நல்லா இருக்குற புள்ளைங்க நெறைய பேருக்கு ஸ்கேன்ல தெரியும்."

பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு வலிக்குது. நெசமாவே வலிக்குது. நீ நடிக்கல. அது எனக்குத் தெரியும். கையில சூடு பட்டுருக்கா ஒனக்கு?"

"தோசைக்கல்லுல."

"புண்ணு ஆறினப்புறமும் கொஞ்ச நாள் அந்த எடத்துல வெந்நி பட்டா சுரீர்னு இருந்துச்சா? மத்த எடத்துல சும்மா இருந்திருக்கும்." அவள் ஆமாம் என்றாள். "ஜூன்ல ஒனக்கு வயித்தால போச்சுல்ல, அதுக்கப்புறம் குடல்ல இருக்குற நரம்பு அப்படி ஆயிடுச்சு. சாதாரணமா குடல் அசையுறது, காத்து நிக்கிறது, மோஷன அடக்குறது, எல்லாத்தையும் வலியா மூளைக்குச் சொல்லுது. பயந்தா இன்னும் ஜாஸ்தியா சொல்லும். வலி நெசம். ஆபத்து இல்ல. இந்த வலிக்குப் பேரு இருக்கு, நெறைய புள்ளைங்களுக்கு வருது. போகக் கொஞ்ச நாளாவும். ஆனா கொறையும்."

என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "சார், நான் கெமிக்கல் கம்பெனில இருக்கேன். அதனால இருக்குமா?"

"அப்படி எதுக்கும் இவகிட்ட அடையாளம் இல்லங்க. வேல முடிஞ்சு குளிச்சிட்டுத் தொடுறது நல்ல பழக்கம்தான். ஆனா புள்ளைய 'கிட்ட வராத'ன்னு சொல்லாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு மருந்து வேண்டும் போலிருந்தது. கையில் எடுத்துப்போக ஏதாவது. டாக்டரோ ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த சிரப்புகளையும் நிறுத்தச் சொன்னார். காலையில் சாப்பிட்டபின் பத்து நிமிஷம் அவசரமில்லாமல் பாத்ரூமில் உட்காரட்டும் என்றார். தண்ணீர் பாட்டில் காலியாகி வரட்டும். வலி வந்தால் வயிற்றில் கையை வைத்து, கை மேலே எழும்புகிற மாதிரி மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார். அவளைப் படுக்க வைத்துச் செய்து பார்க்கவும் வைத்தார். தினமும் பள்ளிக்குப் போக வேண்டும்; வலி முழுக்கப் போன பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்கக் கூடாது என்றார். கடைசியாக என்னிடம் சொன்னார்:

"நீங்க இனிமே வலிக்குதான்னு கேக்கக் கூடாதும்மா. அவளா சொன்னா கேட்டுக்குங்க, நம்புங்க. 'சரி, மூச்சு விடு, கொஞ்சம் உக்காரு, அப்புறம் செய்யி'ன்னு சொல்லுங்க. நீங்களா கேக்காதீங்க. நீங்க கேக்குற ஒவ்வொரு தடவையும் அவ வயித்துக்குள்ள தேடிப் பாக்குறா."

"தெரியாமப் போயிட்டா?"

என் பயம் முழுக்க அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது. அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார். ஜுரத்தோடு வலி. பச்சையாக வாந்தி, அல்லது நிற்காத வாந்தி. மோஷனில் ரத்தம். எடை குறைதல். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. வலது பக்கம் கீழேயே நிற்கிற வலி, மணிக்கு மணி ஏறுகிற வலி, நடக்க முடியாத வலி. "இதுல ஒண்ணு வந்தா யோசிக்காதீங்க, ஒடனே தூக்கிட்டுப் போங்க. இது எதுவும் இல்லன்னா, ரத்தம் எடுக்காதீங்க. நாலு வாரம் கழிச்சு வாங்க, நானே பாக்குறேன்." பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மகள் கேட்டாள்: "பெரியம்மா எப்படி இருப்பாங்க?"

சொன்னேன். இரட்டைச் சடை, உயரம், என்னைவிட வேகமாக ஓடுவாள் என்று. "எனக்கும் அது மாதிரி ஆயிடும்னு பயந்தியா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "நானும் செத்துடுவேன்னுதான் நெனச்சேன். நீ அப்படித்தான் பாப்ப" என்றாள். வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல்தான் அவள் அதைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். வகுப்பு ஆசிரியை இரண்டு முறை படித்தார். "வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்னு போட்டிருக்காரு. ஆனா வலி வந்துச்சுன்னா?" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளின் நகலையும் நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இது இருந்தா சரி. எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு இருக்குல்ல" என்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். இருவருமாக முடிவு செய்தோம். வலி வந்தால் அவள் கையைத் தூக்கிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மிஸ்ஸைப் பார்த்துத் தலையசைத்தால் போதும். பக்கத்து லைப்ரரி அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி, தண்ணீர், பிறகு வகுப்பு. பாத்ரூமுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், டீச்சர்கள் பாத்ரூமுக்கே. பி.டி. பீரியடில் உட்கார வைக்கக் கூடாது. விட்டுப்போன பாடங்களை ஒரேயடியாக எழுதச் சொல்லக் கூடாது. மற்ற பிள்ளைகள் முன்னால் வயிற்றைப் பற்றிப் பேசக் கூடாது. முதல் வாரம் மதியம்வரை, அதன்பின் முழுநாள். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பாத்ரூம் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் போட்டார்கள். அதை அந்த ஆசிரியைதான் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு பெரியவர் கையில் ஊசியைச் செலுத்தியிருந்தேன். போன் அடித்தது. பள்ளி நம்பர். டியூப் நிறைகிறவரை நிற்க வேண்டியிருந்தது. பஞ்சை வைத்து மடக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

"வலிக்குதுன்னா. லைப்ரரில உக்கார வச்சிருக்கேன்" என்றார் ஆசிரியை. "ஜுரம் இல்ல, தொட்டுப் பாத்துட்டேன். வாந்தி இல்ல. நடந்துதான் போனா. நீங்க வர வேண்டாம். சொல்லாம இருக்க மனசு வரல, அதான் பண்ணேன்."

"அழுவுறாளா?"

"லேசா" என்றார்.

நான் போகக் கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆட்டோவில் ஏறியது எப்படி என்று இன்றும் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கு எதிரே இறங்கி, இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். கேட் மூடியிருந்தது. வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், கேட்டால் திறந்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பதடி தூரத்தில் என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வலது பக்கம் நகர்ந்திருக்குமோ? டீச்சருக்கு எப்படித் தெரியும்? அக்காவும் முதல் நாள் நடந்துதானே போனாள்? கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் மிஷின் சத்தம்.

"எங்க இருக்க?"

"ஸ்கூல் வாசல்ல."

"உள்ள போவாத" என்றார். "அந்த லிஸ்ட்ட எடுத்துப் படி. எனக்குப் படி."

ரோட்டில் நின்று பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தேன். ஜுரம், இல்லை. வாந்தி, இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்றார். முடித்ததும், "எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா போவாத" என்றார். இளநீர்க்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

நாற்பது நிமிஷம். பெல் அடித்தது. கேட் கம்பிகளுக்கு நடுவே மைதானத்தில் பிள்ளைகள் வருவது தெரிந்தது. வெகுநேரம் அவளைக் காணவில்லை. கேட் பக்கமாக இரண்டடி நகர்ந்தேன். பிறகு தண்ணீர்க் குழாய் பக்கம் பார்த்தேன். பாட்டிலை நிரப்பிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு பெண் ஏதோ சொல்ல, இவள் பதில் சொன்னாள். சிரிக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து நின்றாள். அவள் திரும்புவதற்குள் நான் அங்கிருந்து நடந்துவிட்டேன். நான் வந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மணிக்குக் கூட்டிவரப் போனபோது உதட்டைக் கடித்துக்கொண்டேன். கேள்வி நாக்கு நுனியில் நின்றது. "இன்னிக்கு என்ன பாடம்?" என்றேன்.

"வலிச்சுதும்மா இன்னிக்கு."

"ம். அப்புறம்?"

"அப்புறம் மூச்சு விட்டேன். அப்புறம் கணக்கு." சற்றுத் தள்ளி நடந்தபின், "வகுத்தல் எனக்குப் புரியல. நான் வராதப்ப நடத்திட்டாங்க" என்றாள். அன்று மதியம் நாங்கள் வகுத்தல் போட்டோம்.

உடனே சரியாகிவிடவில்லை. இரண்டாவது வாரம் முன்பைவிட ஜாஸ்தியாக வலித்தது. ஒரு நாள் யூனிஃபார்மோடு தரையில் படுத்து, போக மாட்டேன் என்று அழுதாள். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து மூச்சு விட்டார். ஒரு மணி நேரம் தாமதமாகக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு வாரம் கழித்துச் சிதம்பரம் போனபோது, டாக்டர் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன், எத்தனை நாள் பள்ளிக்குப் போனாய் என்று கேட்டார். மூன்று நாள்தான் விட்டிருந்தாள். எடை அரை கிலோ கூடியிருந்தது.

ஜனவரியில் ஒருமுறை ஜுரத்தோடு நிற்காத வாந்தி வந்தது. அந்தத் தாளில் இருப்பது. யோசிக்காமல் தூக்கிக்கொண்டு கடலூரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பரிசோதித்துவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கிற வைரஸ் ஜுரம் என்றார்கள். இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். ஓடிப்போனது தப்பில்லை, அதற்குத்தான் எழுதிக் கொடுத்தேன் என்று சிதம்பரம் டாக்டர் போனில் சொன்னார். அதற்குப் பிறகு வலி பழையபடி அடிக்கடி வரவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு முறை, பெரும்பாலும் பரீட்சைக்கு முன்னால்.

இப்போது ஏழாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நாள் முழுக்க, நான் இல்லாமல். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று லேபில் இரண்டு டியூப்பில் கவனமில்லாமல் பெயரை மாற்றி எழுதப் போய், கடைசி நிமிஷத்தில் நிறுத்தினேன். அதன்பின் போனை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். வேலை முடிந்து எடுத்துப் பார்த்தேன், பள்ளியிலிருந்து போன் எதுவும் வந்திருக்கவில்லை. சாயங்காலம் உப்புக்காற்றில் தலை கலைந்து, பசியோடு வந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "போட்ல போவும்போது வயிறு வலிச்சுதும்மா. நடுத் தண்ணில."

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. மூச்சு விட்டேன். கொஞ்சம் இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு. அந்த மரத்து வேரெல்லாம் வெளிய நிக்கும் தெரியுமா, கை எட்டுச்சு எனக்கு."

வேர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுத் தண்ணீரில் அவளுக்கு வலித்த நேரத்தில் நான் மஞ்சக்குப்பத்தில் யாரோ ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை. குனிந்து துணியை எடுத்து, உதறி, மடித்தேன்.